ஊசி இறங்கும் நாள்

முன்பதிவுக் குறிப்பு என்பது கைவேலைப் பொருள் செய்பவர் தம் பொருளின் படத்துக்குக் கீழே எழுதும் சில வரிகள். பொருள் இன்னும் செய்யப்படவில்லை, பணம் மட்டும் இப்போதே வேண்டும். இந்த இரண்டையும் வாங்குபவர் முகம் சுளிக்காதபடி சொல்வதுதான் அதன் வேலை. அதில் மூன்று செய்திகள் இருந்தே ஆக வேண்டும்: செய்து முடிக்க எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் அனுப்பப்படும், மனம் மாறினால் பணம் என்ன ஆகும். நடைமுறையில் இந்த மூன்றைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். அகல் விளக்கு, இதயம், கூப்பிய கை, "ஸ்லாட் சீக்கிரம் முடிஞ்சிடும்".

சிங்கப்பூரில் இந்த வரிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. வீவக வீட்டில் சிறுதொழில் செய்யக் கழகம் அனுமதிக்கிறது. தையலும் அதில் அடங்கும், தனியாக விண்ணப்பிக்கவும் தேவையில்லை. ஆனால் வாசலில் பெயர்ப்பலகை தொங்கவிடக் கூடாது, வெளியாளை வேலைக்கு வைக்கவும் கூடாது. அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். தேக்கா நிலையத்தின் மேல்மாடித் தையற்கடையில் மாட்டியிருக்கும் பலகை, மேசை, ரசீதுப் புத்தகம், "தைத்த துணி திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது" என்ற அட்டை ஆகிய நான்கும் ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ பன்னிரண்டாம் மாடியில் தைப்பவருக்குக் கிடையாது. நான்குக்கும் சேர்த்து அவரிடம் இருப்பது அந்தக் குறிப்பு ஒன்றுதான். அவசரமென்றால் ஆள் போட்டு முடிக்கவும் வழியில்லை. மாமியாருக்கு ஆரி தெரிந்திருந்தால் அது வேறு கதை. அப்போதும் விலையைப் பேசி முடிப்பது மாமியாராகவே இருக்கும்.

கைவேலையில் நாள் எப்படிக் கணக்காகிறது என்பதற்குத் தீபாவளி ஆரி ரவிக்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆரி என்பது நுனியில் சிறு கொக்கி உள்ள ஊசி. துணியைச் சட்டத்தில், தட்டினால் ஓசை வருமளவு இறுக்கமாக இழுத்துக் கட்டுவார்கள். நூல் துணிக்கு அடியில் இடக்கையில் இருக்கும். வலக்கை ஊசியை மேலிருந்து இறக்கி, கொக்கியில் நூலை மாட்டி, ஒரு வளையமாக மேலே இழுக்கும். அடுத்த வளையம் முந்தைய வளையத்துக்குள்ளிருந்து எழும். இப்படி உருவாவது சங்கிலித் தையல். அதன் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கடைசி வளையத்தை முடிச்சிட்டுப் பூட்டாவிட்டால், ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் கழுத்து முழுதும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். வாங்குபவர் ரவிக்கையைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டிய இடம் முன்புறத்து மயில் அல்ல. உட்புறத்தைத் திருப்பி, நூல் முடியும் இடங்களில் முடிச்சு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

வேலையின் வரிசையையும் அறிந்துகொள்வது நல்லது, பின்னால் ரத்து விதி இதில்தான் வந்து முட்டும். பலரும் நினைப்பதுபோல ரவிக்கையை வெட்டித் தைத்துவிட்டு அதன்மேல் பூப்போடுவதில்லை. முதலில் அளவு ரவிக்கையை வைத்து முழுத் துணியில் கழுத்து, கை, முதுகு ஆகியவற்றின் எல்லைக்கோடுகளை வரைவார்கள். டிசைனை மெல்லிய தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, துளைகள் வழியே பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்குவார்கள். பிறகு சட்டம், அதன்பின் ஆரி, மணி, சர்தோசி, ஒட்டுக் கல். கல் ஒட்டினால் பசை காய ஓர் இரவு போகும். எல்லாம் முடிந்த பிறகே கத்தரி வரும், உள்துணி வைத்துத் தைப்பதும் அப்போதுதான். ஆகவே ஆரி ரவிக்கையில் திரும்பி வர முடியாத எல்லை கத்தரி அல்ல, ஊசி. பட்டில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்தத் துளை அங்கேயே இருக்கும். துணி இன்னும் வெட்டுப்படாமல் முழுசாகக் கிடப்பதைப் படத்தில் பார்க்கும் வாங்குபவர், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அக்கா" என்பார். அவர் கண்ணுக்கு அது துணி. தைப்பவர் கண்ணுக்கு அது ஒன்பதரை மணி நேரம்.

இனி நாள் கணக்கு. கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும் அளவான வேலை உள்ள ஒரு ரவிக்கையை எடுத்துக்கொள்ளலாம். டிசைன் இறக்கிச் சட்டத்தில் கட்ட ஒன்றரை மணி நேரம், ஆரிக்கு ஒன்பதரை, வெட்டித் தைக்க மூன்று, கொக்கியும் கயிறும் குஞ்சமும் வைத்துத் உட்புறம் வெளியே வரத் திருப்பி இஸ்திரி போட ஒன்று. மொத்தம் பதினைந்து மணி நேரம். திருப்பாமல் இஸ்திரி போட்டால் ஜிகினா உருகி, இன்னொரு பதினைந்து மணி நேரம். பகலில் அலுவலகம், மாலையில் சமையல் என்றிருப்பவருக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் கிடைப்பதே பெரிது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இருபது மணி நேரம்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். முன்னோக்கிப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் தீபாவளி வெகு தொலைவில் இருக்கும். தீபாவளியிலிருந்து எண்ணினால் நேற்றே தொடங்கியிருக்க வேண்டும் என்று தெரியவரும். பண்டிகைக்கு முந்தைய வாரத்தைப் பிரித்துத் தைப்பதற்கும், கை பிடிக்கிறது, கழுத்து இறங்குகிறது என்பதற்கும் விட்டுவிட வேண்டும். அதற்கு முந்தைய அக்டோபர் 26 முதல் 30 வரை அனுப்பும் வாரம். அப்படியானால் வேலை அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை முடிய வேண்டும். ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை தொடங்கினால் நடுவில் ஒன்பது வாரம். ஒன்பது வாரத்துக்கு 180 மணி நேரம், ரவிக்கைக்குப் பதினைந்து, ஆக மொத்தம் பன்னிரண்டு ரவிக்கை.

பன்னிரண்டு என்று எழுதுபவர் அனுபவமில்லாதவர். இந்த ஒன்பது வாரத்துக்குள் செப்டம்பர் பள்ளி விடுமுறை ஒரு வாரம் வரும். தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீட்டில் பிஎஸ்எல்இ வரும். அந்த நாட்களில் வீட்டில் ஊசி விழுந்தால்கூட "சத்தம் போடாதே" என்று அதட்டல் கேட்கும். அக்டோபரில் ஆயுத பூஜை வரும். அன்று ஊசி, கத்தரி, இஸ்திரிப்பெட்டி, தையல் மிஷின் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். தொட்டால் தெய்வக் குற்றம், தொடாவிட்டால் வாடிக்கையாளர் குற்றம். எனவே பத்து ரவிக்கைக்கு மேல் பதிவு வாங்கக் கூடாது. பத்துக்கு 150 மணி நேரம் போக, மிச்சம் முப்பது மணி நேரம் காய்ச்சலுக்கும் கடவுளுக்கும். பதினோராவதாக வருபவர் எப்போதும் நெருங்கிய சொந்தமாகவே இருப்பார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது குறிப்பை எழுதலாம். முதல் செய்தி, செய்து முடிக்கும் காலம். இதற்குத் தையல் உலகில் நெடுங்கால வழக்குச் சொற்கள் உள்ளன. "நாளைக்கு" என்றால் துணி எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடவில்லை. "ரெடி, காஜா மட்டும்தான் பாக்கி" என்றால் வெட்டியாகிவிட்டது. "பையன் கொண்டு வந்துகிட்டே இருக்கான்" என்றால் பையன் சாப்பிடப் போயிருக்கிறான். நேரில் பேசும்போது இவற்றுக்கு ஒரு நாகரிகம் உண்டு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உண்மை தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. எழுத்தில் வந்தால் இதே சொற்கள் வாக்குறுதியாகிவிடுகின்றன, ஸ்கிரீன்ஷாட்டாகவும்.

எழுத்தில் பெரும்பாலும் வருவது "2 முதல் 3 வாரம்" என்ற தொடர். பார்க்கத் துல்லியமாக இருக்கும், ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அது சொல்வதில்லை. வாங்குபவர் பேநவ்வில் பணம் அனுப்பிய நிமிடத்திலிருந்து எண்ணுவார். தைப்பவர் துணியும் அளவு ரவிக்கையும் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார். இடையில் அளவு ரவிக்கை வாங்குபவரின் அலமாரியில் பதினொரு நாள் தூங்கியிருக்கும். சண்டை மூன்றாவது வாரத்தில் தொடங்கும், இருவர் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். ஆகவே வாரக் கணக்கு வேண்டாம், தேதி வேண்டும். பதிவு எந்தத் தேதியில் மூடப்படுகிறது, துணியும் அளவும் எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும், வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது. அளவு தாமதமாக வந்தால் அந்தப் பதிவு வரிசையின் கடைசிக்குப் போகும் என்ற ஒரு வரியும் வேண்டும். அளவு ரவிக்கைக்குப் பதில் "எம் சைஸ்" என்று மட்டும் அனுப்புபவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே கடைசி வரிசைதான்.

இரண்டாவது, அனுப்பும் காலம். அனுப்புவது வேறு, போய்ச் சேர்வது வேறு. பெரிய நாடுகளில் இந்த வேற்றுமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எம்ஆர்டியில் போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், காலையில் அனுப்பிய பொட்டலம் மதியம் வராவிட்டால் ஏதோ மோசடி என்று தோன்றும். கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் தீபாவளி வாரத்துப் பொட்டலங்கள் மலையாகக் கிடக்கும் காட்சி யார் மனக்கண்ணிலும் வராது. எனவே குறிப்பில் "அக்டோபர் 26 முதல் 30க்குள் கூரியரிடம் ஒப்படைக்கப்படும்" என்று எழுத வேண்டும். "30ஆம் தேதி கிடைக்கும்" என்று எழுதக் கூடாது. தன் கையில் உள்ளதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கலாம். லாரி ஓட்டுநரின் கையில் உள்ளதற்கு அவர்தான் கொடுக்க வேண்டும்.

கூரியர் வேண்டாம், நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு இந்த ஊரில் ஒரு தனி மரபு இருக்கிறது. தைப்பவர் வீட்டுக்குப் பக்கத்து எம்ஆர்டி நிலையத்தில், கட்டண வாயிலுக்கு உள்ளே வாங்குபவரும் வெளியே தைப்பவரும் நின்றுகொண்டு, தடுப்புக்கு மேலாகப் பையைக் கைமாற்றுவார்கள். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் இன்னொரு பயணக் கட்டணம் ஆகும். இருநூறு வெள்ளி ரவிக்கைக்கு ஒரு வெள்ளி சில்லறையை மிச்சம் பிடிக்கும் இந்த முறையில், ரவிக்கையைப் பிரித்துப் பார்க்கவோ உட்புறத்து முடிச்சைத் தேடவோ இடமில்லை. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். ஆகவே நேரில் வாங்குவதற்கும் கிழமையும் நேரமும் குறிப்பிலேயே இருக்க வேண்டும். "எப்போ வேணும்னாலும் வாங்க" என்று எழுதினால் இரவு பத்தரைக்கு அழைப்பு மணி அடிக்கும்.

மூன்றாவது, ரத்து. இங்கேதான் குறிப்புகள் திடீரென்று குரல் மாறுகின்றன. அதுவரை "செல்லங்களே" என்று பேசிவந்த எழுத்து, கடைசி வரியில் காவல் நிலையத்துப் பலகை போலாகிவிடும்: "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது."

அந்த வரி பாதி செல்லும், பாதி செல்லாது. இணையத்தில் வாங்கியவர் வெறுமனே மனம் மாறினால் பணம் திரும்பப் பெறும் பொதுவான உரிமை சிங்கப்பூர்ச் சட்டத்தில் இல்லை. வீடு தேடி வந்து விற்பது போன்ற சில வகை விற்பனைகளுக்கு மட்டும் ஐந்து வேலை நாள் யோசிக்கும் காலம் உண்டு. பிரிட்டனில் இணையத்தில் வாங்கியவருக்கு 14 நாள் உண்டு. ஆனால் அங்கும் ஒருவர் அளவுக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது, அளவெடுத்த ரவிக்கை அந்த விலக்கில் கச்சிதமாகப் பொருந்தும். ஆக, மனமாற்றத்தைப் பொறுத்தவரை குறிப்பில் எழுதியிருப்பதே சட்டம். பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள விதிப்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ வேண்டும், முடியாவிட்டால் விலையில் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். முடிச்சிடாத சங்கிலித் தையல் உருவிக்கொண்டால் "எக்காரணம் கொண்டும்" என்ற சொற்றொடர் காப்பாற்றாது. ஆறு மாதத்தில் ரவிக்கை இறுகிப்போனது மட்டும் இந்த விதியில் வராது. அது பெரும்பாலும் தீபாவளிப் பலகாரத்தின் குறை. வாக்குவாதம் முற்றினால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கு மேல் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஒரு ரவிக்கைக்காக அங்கே போகமாட்டார்கள் என்று நினைப்பவர் தீபாவளிக்கு ரவிக்கை வராத ஒருவரை இன்னும் நேரில் பார்த்ததில்லை.

நியாயமான ரத்து விதியை வேலையின் வரிசையிலிருந்தே எடுக்கலாம். ரவிக்கை விலை 180 வெள்ளி, அதில் நூல், மணி, உள்துணிக்கு 30 போனால் கூலி 150. பதினைந்து மணி நேரத்துக்கு 150 என்றால் மணிக்குப் பத்து வெள்ளி. (இந்த வகுத்தலைத் தைப்பவர் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்வது மன ஆரோக்கியத்துக்கு நல்லதல்ல.) டிசைன் இறக்குமுன் ரத்து செய்தால் யாருக்கும் நட்டமில்லை, முழுப் பணமும் திரும்பலாம். டிசைன் இறக்கியபின், ஊசி இறங்குமுன் என்றால் ஒன்றரை மணி நேர வேலை போயிற்று, 15 வெள்ளி பிடிக்கலாம். ஊசி இறங்கிய பிறகு ரத்து இல்லை, ரவிக்கை முடிந்து வந்து சேரும். பிடிக்கும் தொகை எப்படி வந்தது என்று காட்ட முடிவதால் வாங்குபவர் பேரம் பேச இடம் குறைவு. "முன்பணத்தில் பாதி" என்று மொட்டையாக எழுதினால் ஏன் பாதி என்ற கேள்வி வரும், பதில் இருக்காது. பழைய வழக்கில் முன்பணத்துக்கு அச்சாரம் என்று பெயர். கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. முன்பணம் என்ற சொல்லில் அந்தத் தெளிவு இல்லை. ஒருவருக்கு அது உறுதி, மற்றவருக்கு அது கைமாற்று.

ஊசி எப்போது இறங்குகிறது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும் என்பது நல்ல கேள்வி. டிசைன் இறக்கிச் சட்டத்தில் கட்டிய துணியின் படத்தை முந்தைய நாள் மாலை அனுப்பிவிட வேண்டும்: "நாளை வேலை தொடங்குகிறது, மாற்றமோ ரத்தோ இன்றிரவு ஒன்பது மணிக்குள்." இதில் இன்னொரு லாபமும் உண்டு. மயில் இடப்பக்கம் பார்க்கிறதா வலப்பக்கம் பார்க்கிறதா என்ற விவாதம் தையலுக்கு முன்பே முடிந்துவிடும்.

ரத்து வாங்குபவருக்கு மட்டும் உரியதல்ல. தைப்பவர் தேதி தவறினால் என்ன என்பதை எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு, பெரும்பாலானவை பாதிக் குறிப்புகளே. அக்டோபர் 30க்குள் ஒப்படைக்காவிட்டால், எந்த நிலையில் இருந்தாலும் வாங்குபவர் முழுப் பணத்தையும் துணியையும் திரும்பப் பெறலாம் என்ற வரி, பன்னிரண்டு ரவிக்கை எடுத்துக்கொள்ளலாமா என்ற ஆசையை எழுதும்போதே அடக்கிவிடும்.

எல்லாம் சேர்ந்தால் குறிப்பு இவ்வளவுதான்:

"தீபாவளி ஆரி ரவிக்கை, 10 மட்டும், அக்டோபர் 26–30 அனுப்பப்படும், ஊசி இறங்கியபின் ரத்து இல்லை. விலை 180 வெள்ளி. பதிவு ஆகஸ்ட் 16 வரை. துணியும் அளவு ரவிக்கையும் ஆகஸ்ட் 21க்குள் வர வேண்டும், தாமதமானால் வரிசையில் கடைசி. வேலை ஆகஸ்ட் 24 – அக்டோபர் 23. தொடங்கும் முந்தைய நாள் படம் வரும். டிசைன் இறக்குமுன் ரத்து செய்தால் முழுப் பணம், இறக்கியபின் 15 வெள்ளி பிடித்தம். அக்டோபர் 30க்குள் நாங்கள் அனுப்பாவிட்டால் முழுப் பணமும் துணியும் திரும்ப. தையலில் குறை இருந்தால் எங்கள் செலவில் சரிசெய்து தரப்படும்."

முதல் வரியில் அனுப்பும் தேதியும் ரத்து விதியும் வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் குறிப்பின் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும், மிச்சத்தைப் பார்க்கத் தட்ட வேண்டும். தட்டுபவர் குறைவு. முதல் வரியை வாழ்த்துக்கும் விளக்குக்கும் கொடுத்துவிட்டு ரத்து விதியைப் பதினெட்டாம் வரியில் வைத்தால், அது சொல்லப்படாததற்குச் சமம். மொத்த இடமும் 2,200 எழுத்துக்குள்தான், அதிலும் தமிழுக்குக் கொஞ்சம் நெருக்கடி. புள்ளியையும் கொம்பையும் கணினி தனித்தனியாக எண்ணும். "ரவிக்கை" நமக்கு நான்கெழுத்து, கணினிக்கு ஏழு.

குறிப்பை வெளியிட்ட பத்து நிமிடத்தில் முதல் கேள்வி வரும்: "அக்கா, எப்போ கிடைக்கும்?" விடை முதல் வரியில் இருக்கிறது என்று பதில் எழுதக் கூடாது. முதல் வரியை நகலெடுத்து ஒட்டி, பின்னால் ஒரு கூப்பிய கை போட வேண்டும். பத்துப் பதிவும் நிரம்பியதும் அதே வரியின் தலையில் "பதிவு முடிந்தது" என்று சேர்க்க வேண்டும். இதை மறந்தவர்களுக்கு நவம்பர் 7 இரவு, கேம்பல் லேன் சந்தை நெரிசலில் நின்றபடி யாராவது எழுதுவார்கள்: "இன்னும் ஸ்லாட் இருக்கா? நாளைக்குக் கட்டணும்."